பின் சீட்டில் உட்காருபவருக்கு வேறு கார்

பெங்களூரில் டிரைவர் வைத்துக்கொண்டு ஓட்டும் வீடுகளில்கூட, கார் வாங்கும் நாளில் டெஸ்ட் டிரைவ் போவது முதலாளிதான். அவரே ஸ்டியரிங் பிடித்து ரெண்டு தெரு சுற்றி வருவார், பின்னால் குடும்பம் உட்கார்ந்திருக்கும். வண்டி வீட்டுக்கு வந்த மறுநாளிலிருந்து அவர் அந்த முன் சீட்டில் உட்காரவே போவதில்லை. மல்லேஸ்வரத்திலிருந்து ஒயிட்ஃபீல்டு வரை, இந்திராநகரிலிருந்து பீன்யா வரை, தினம் ரெண்டு மூன்று மணி நேரம் இடது பக்கப் பின் சீட்டில்தான். ஒரே கார் என்றாலும் அந்த சீட்டுக்கு வந்து சேரும் குலுக்கலும், கிடைக்கும் இடமும், டிரைவர் சீட்டில் இருப்பதைவிட நிறையவே மாறுபடும். ஏன் என்று புரிந்துகொண்டால், விலை கூடின கார்தான் சொகுசு என்ற கணக்கு பல இடங்களில் தவறிப்போவதும் புரியும்.

குலுக்கலிலிருந்து ஆரம்பிக்கலாம். காரை சீசா பலகையாக நினைத்துக்கொள்ளுங்கள். முன் சக்கரம் ஒரு ஹம்ப் மேல் ஏறும்போது பலகையின் முன் முனை எழும்பும், பின் சக்கரம் ஏறும்போது பின் முனை எழும்பும். டிரைவர் உட்காருவது ஏறத்தாழ ரெண்டு சக்கரங்களுக்கும் நடுவில். அதனால் எந்த முனை எழும்பினாலும் அவருக்குப் பாதிதான் தெரியும். சாதாரண சிடானில் பின் சீட்டுக்காரரின் இடுப்பு, பின் அச்சுக்கு ஓரடி முன்னால்தான் இருக்கும். வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம், 2.7 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், பின் முனை 10 சென்டிமீட்டர் எழும்பும்போது இவர் ஒன்பதுக்குக் கொஞ்சம் குறைவாக எழும்புவார், டிரைவர் ஐந்து. மூன்று வரிசை வண்டியின் நடு வரிசை அச்சிலிருந்து ரெண்டரை அடி போல முன்னால் இருக்கும். அங்கே ஏழுக்குக் கொஞ்சம் மேல். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் இந்த அளவுகளைக் குறைக்கும், ஆனால் ஆளுக்கு ஆள் உள்ள விகிதம் ஏறக்குறைய அதேதான்.

ஷோரூமில் டேப் எடுக்காமலே இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பின் கதவைத் திறந்து, அதன் கீழ்ப் பின் மூலையைப் பாருங்கள். சக்கர வளைவு கதவுக்குள் எவ்வளவு வெட்டிக்கொண்டு வந்திருக்கிறதோ, அவ்வளவுக்கு சீட்டு சக்கரத்தின் மேல் ஏறி இருக்கிறது என்று அர்த்தம். கதவு முழுசாக, கிட்டத்தட்ட செவ்வகமாக இருந்தால் நல்லது. பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ் கிரான் லிமூசினில் சாதாரண 3 சீரிஸைவிட வீல்பேஸ் 110 மில்லிமீட்டர் கூடுதல். அந்தக் கூடுதல் முழுக்க பின்பக்கத்துக்குத்தான் போயிருக்கிறது என்பது அதன் பின் கதவின் நீளத்திலேயே தெரியும். இந்தியாவில் விற்கும் மெர்சிடிஸ் இ-கிளாஸும் 2017 முதல் நீள வீல்பேஸ் வண்டிதான், இப்போதைய மாடலில் 3,094 மில்லிமீட்டர். நீளம் கூடினால் கால் இடத்தோடு இன்னொரு லாபமும் வரும். ஒரே ஹம்ப்பில் பலகை சாயும் கோணம் குறைகிறது. நஷ்டமும் உண்டு: நம்ம ஊரில் வீட்டுச் சங்கங்கள் தாங்களே கட்டிக்கொள்ளும் கூர்மையான ஹம்ப்பில் நீள வண்டியின் வயிறு உரசும்.

அடுத்தது ஸ்பிரிங். பலருக்கும் தெரியாத, ஆனால் டிரைவர் வைத்திருப்பவருக்கு மிக முக்கியமான விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன். முன் அச்சின் மேல் எஞ்சின் இருக்கிறது, டிரைவர் எப்போதும் இருக்கிறார். அங்கே பாரம் பெரிசாக மாறுவதில்லை. பின் அச்சு அப்படியில்லை. ஒரு சிடானில் டிரைவர் மட்டும் இருக்கும்போது பின் அச்சில் அரை டன் போல இருக்கும். மூன்று பேர் ஏறி டிக்கியும் நிறைந்தால் முக்கால் டன்னைத் தொடும். அந்த முழு பாரத்திலும் வண்டி பின்னால் உட்கார்ந்துவிடக் கூடாது என்றுதான் பின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை முடிவு செய்கிறார்கள். ஏழு பேர் வண்டியில் இது இன்னும் அதிகம். கடைசி வரிசை அச்சின் மேலேயே இருப்பதால் அந்தப் பாரம் முழுசாகப் பின்னால்தான் விழும். இப்படி ஏழு பேருக்காக இறுக்கிய ஸ்பிரிங்கின் மேல் ஒரே ஒருவர், லேப்டாப் பையோடு உட்கார்ந்தால் என்ன ஆகும்? ஸ்பிரிங் அசையவே மறுக்கும், சாலையின் அடி நேராக முதுகுக்கு வரும். "குடும்பத்தோட திருப்பதி போனப்போ மெத்து மெத்துன்னு இருந்துச்சு, ஆபீஸுக்குத் தனியா போனா தூக்கிப் போடுது" என்று சொல்வார்களே, அது மனப்பிரமை இல்லை.

பின் அச்சின் அமைப்பும் இதோடு சேரும். இன்னோவா கிரிஸ்டா தனிச் சட்டகத்தின் மேல் உட்கார்ந்த வண்டி. பின்னால் ரெண்டு சக்கரத்தையும் ஒரே இரும்பு அச்சு இணைக்கிறது, நடுவில் எஞ்சின் சக்தியை ரெண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் கனமான டிஃபரன்ஷியல். உடைந்த சாலையில் மெதுவாகப் போகும்போது அது எதையும் தாங்கும் என்ற பெயர் நியாயமானதுதான். ஆனால் ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் அந்தக் கனம் மொத்தமும் ஆடும், மறுபக்கமும் சேர்ந்து அசையும். ஹைகிராஸ் சட்டகம் இல்லாத, முன் சக்கரம் இழுக்கும் வண்டி. பின்னால் ரெண்டு சக்கரத்தையும் இணைப்பது டார்ஷன் பீம் என்ற, முறுக்கிக்கொடுக்கும் கனம் குறைவான குறுக்குச் சட்டம் என்பதால் சின்னச் சின்ன அதிர்வுகள் குறைவு. கேம்ரி, சூப்பர்ப் மாதிரி சிடான்களில் பின் சக்கரங்கள் தனித்தனியாக அசையும். ஒரு சக்கரத்தின் வலி மற்றதுக்குப் போகாது. உயரமான எஸ்.யு.வி. என்றால் வேறு ஒரு தொல்லை. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போது, உயரத்தில் உட்கார்ந்திருப்பவரின் தலை பக்கவாட்டில் வீசப்படும். முன்னால் இருப்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்துச் சமாளித்துக்கொள்வார், முன்கூட்டியே குழியையும் பார்த்திருப்பார். பின்னால் இருப்பவருக்கு ரெண்டும் இல்லை.

என் சித்தப்பாவுக்குப் போன வருஷம் வண்டி பார்த்த கதை இதையெல்லாம் ஓரிடத்தில் கொண்டுவந்தது. வயது 67, ஆறடிக்கு ரெண்டங்குலம் குறைவு, கீழ் முதுகில் டிஸ்க் தொந்தரவு. வீடு மல்லேஸ்வரம், பட்டறை பொம்மசந்திரா. ஒரு வழி முப்பது கிலோமீட்டர் போல. பாதி தூரம் நகரத்துக் குழியும் ஹம்ப்பும், சில்க் போர்டு தாண்டினால் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம். மேம்பாலம் வழவழப்பாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு இணைப்பிலும் டக், டக் என்று ஓர் அடி வரும். இந்த ரெண்டு குலுக்கலும் ஒன்றல்ல. ஹம்ப் வண்டியையே மெதுவாகத் தூக்கி இறக்குகிறது, வினாடிக்கு ஒன்றிரண்டு ஆட்டம். மேம்பால இணைப்பு ஒரு கூர்மையான வெட்டு, அதைச் சமாளிக்க வேண்டியது முதலில் டயர்தான். உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு மேல்கீழ் அதிர்வை மிக அதிகமாக உணர்வது வினாடிக்கு நாலு முதல் எட்டு ஆட்டம் வரையுள்ள பகுதியில். முதுகுவலிக்காரருக்கு வேதனை தருவதும் அங்கேதான். டயர் விழுங்காமல் விட்டதும், இறுகிய ஸ்பிரிங் மேலே அனுப்புவதும் சேர்ந்து அந்தப் பகுதியில் விழுகின்றன.

சித்தப்பாவின் மனதில் இருந்தது ஒரு எஸ்.யு.வி.யின் உச்ச வகை, 18 அங்குல சக்கரத்தோடு. டயரின் பக்கச் சுவர் எவ்வளவு உயரம் என்பதை டயரில் எழுதியிருக்கும் எண்ணிலிருந்தே கணக்குப் போடலாம். 205/65 R16 என்றால் அகலம் 205 மில்லிமீட்டர், அதில் 65 சதவீதம், 133 மில்லிமீட்டர் ரப்பர். 225/50 R18 என்றால் 112 மில்லிமீட்டர்தான். டயரின் மொத்த உயரம் ரெண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே, ஆனால் ரெண்டு சென்டிமீட்டர் ரப்பர் போய் அந்த இடத்தில் அலாய் வந்துவிட்டது. பார்க்க அழகு, மேம்பால இணைப்பில் அடி. கார் கம்பெனிகள் செய்யும் ஒரு வேடிக்கை என்னவென்றால், பின் சீட்டுக்கான வசதிகளையெல்லாம் உச்ச வகையில்தான் தருவார்கள், அதே வகையில்தான் பெரிய சக்கரமும் கட்டாயமாக வரும். கால் தாங்கி வேண்டும் என்றால் ரப்பரை இழக்க வேண்டும்.

கால் இடத்துக்கு வருவோம். விளம்பரத் தாளில் போடும் லெக்ரூம் எண்ணை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் அமைப்பின் ஜே1100 அளவு முறையில் அது, சீட்டில் உட்கார வைக்கும் ஆள் மாதிரிப் பொம்மையின் கணுக்காலிலிருந்து இடுப்பு மூட்டு வரை அளந்து, கூட 254 மில்லிமீட்டர் சேர்த்து வரும் எண். முழங்காலுக்கு முன்னால் எவ்வளவு காலி இடம் என்பதை அது நேராகச் சொல்வதில்லை. முழங்கால் இடத்தைக் கூட்டிக் காட்ட ஒரு குறுக்கு வழியும் உண்டு. சீட்டின் அடிப்பகுதியை நீளம் குறைத்துவிட்டால் போதும், கண்ணுக்கு இடம் பரந்து தெரியும். ஆனால் தொடைக்குத் தாங்கல் போய்விடும், அரை மணி நேரத்தில் இடுப்பு முன்னால் சறுக்க ஆரம்பிக்கும்.

சித்தப்பாவை வீட்டுச் சுவரோடு ஒரு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்து மூன்று அளவு எடுத்தோம். முதுகிலிருந்து முழங்கால் முன்பக்கம் 61 சென்டிமீட்டர், முதுகிலிருந்து முழங்காலின் பின் மடிப்பு 50, தரையிலிருந்து அந்த மடிப்பு வரை செருப்போடு 45. அப்புறம் ஒவ்வொரு ஷோரூமிலும் அதே டேப். சீட்டுச் சாய்வுக்கும் முன் சீட்டின் முதுகுக்கும் நடுவே உள்ள தூரத்தில் 61 போக என்ன மிச்சம் என்று பார்த்தோம், 20 இருந்தால் கால் மாற்றிப் போடலாம். மெத்தையின் நீளம் பின் மடிப்புக்கு மூன்று நாலு சென்டிமீட்டர் முன்னால் முடிய வேண்டும், அதாவது அவருக்கு 46 அல்லது 47. மெத்தையின் முன் விளிம்பு தரையிலிருந்து 35-க்குக் கீழே போனால் முழங்கால் மேலே தூக்கிக்கொள்ளும், பாரம் முழுக்க கீழ் முதுகில் இறங்கும். எஸ்.யு.வி.யில் உயரம் சரி, மெத்தை 43 தான். ஒரு மின்சார சிடான் பார்த்தோம். கால் நீட்ட எக்கச்சக்க இடம், தரையும் சமதளம், ஆனால் பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் தரை மேலே வந்து விளிம்பு உயரம் 29 ஆகிவிட்டது. குத்துக்காலிட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று சித்தப்பா இறங்கிவிட்டார். கடைசியில் அவர் எடுத்தது தனி சீட்டுகள் உள்ள ஒரு மூன்று வரிசை வண்டியின் நடு வகை, சின்ன சக்கரத்தோடு, கால் தாங்கி இல்லாமல். கால் தாங்கியைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் உயரத்துக்கு அதை முழுசாகத் தூக்கினால் பாதம் முன் சீட்டில் இடிக்கும். இடிக்காமல் இருக்க சீட்டைப் பின்னால் தள்ளினால் பின் அச்சை நெருங்கிவிடுவோம், குலுக்கல் கூடும்.

டிரைவர் வைத்திருப்பவருக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. முன் இடது சீட்டில் யாரும் இல்லை, அதை முழுசாக முன்னால் தள்ளிவிடலாம். அதனால்தான் முதலாளிகள் இடது பக்கமே உட்காருகிறார்கள். சில வண்டிகளில் பின்னாலிருந்தே அதை நகர்த்தப் பட்டன் இருக்கும். ஆனால் அப்படித் தள்ளிவிட்டு டிரைவர் சீட்டில் ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள். அந்த சீட்டின் ஹெட்ரெஸ்ட் இடது பக்கக் கண்ணாடியை மறைக்கலாம். பெங்களூரில் டூவீலர்கள் நுழையும் பக்கமும் அதுதான். ஹெட்ரெஸ்ட்டைக் கழற்றவோ மடக்கவோ முடிகிறதா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். முன்னால் யாராவது உட்காரும் நாளில் மறக்காமல் திரும்ப மாட்டவும் வேண்டும்.

வண்டி வந்த பிறகும் சித்தப்பாவுக்கு ஒரு மாதம் திருப்தியே இல்லை. பார்த்தால், டயர் கடையில் நாலு சக்கரத்துக்கும் 38 பிஎஸ்ஐ அடித்து விட்டிருந்தார்கள். கடைக்காரருக்கும் டிரைவருக்கும் அது வசதி. அடிக்கடி காற்று பார்க்க வேண்டாம், ஸ்டியரிங் லேசாக இருக்கும், மைலேஜும் கொஞ்சம் கூடும். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் பெரும்பாலும் ரெண்டு வரிசை எண்கள். ஒரு வரிசை ரெண்டு மூன்று பேர் போகும்போது, இன்னொன்று முழு பாரத்துக்கு. அவர் வண்டியில் முதல் வரிசை 33 என்று சொன்னது. காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் சூடேறாதபோது, 33-க்கு இறக்கினதும் மேம்பாலத்தில் அந்த டக் டக் பாதியாகத் தணிந்துவிட்டது என்று அவரே சொன்னார். ஸ்டிக்கரில் உள்ளதற்குக் கீழே மட்டும் போகக் கூடாது. டயரின் ஓரம் சூடேறும், குழியில் ரிம் அடிபடும்.

மிச்சம் இருந்தது டிரைவர். ஓசூர்க்காரர், நல்ல அனுபவம், வேகம் போகாதவர். அப்படியும் ஒவ்வொரு ஹம்ப்பிலும் சித்தப்பாவுக்கு ஒரு தூக்கல். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, அவரைப் பின்னால் சித்தப்பா இடத்தில் உட்கார வைத்து, அவர் ஓட்டுகிற மாதிரியே ஓட்டிக் காட்டினேன். ஹம்ப்புக்கு முன்னால் பிரேக், பத்து கிலோமீட்டர் வேகம், முன் சக்கரம் இறங்கியதும் ஆக்சிலரேட்டர். பின்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க சார் இது, இப்படியா அய்யா தினம் வர்றாரு?" என்றார்.

நடப்பது இதுதான். பத்து கிலோமீட்டர் வேகத்தில், 2.7 மீட்டர் வீல்பேஸ் வண்டியில், முன் சக்கரம் ஹம்ப்பைத் தொட்டு ஏறக்குறைய ஒரு வினாடி கழித்துத்தான் பின் சக்கரம் தொடும். டிரைவரின் உடம்புக்கு முன் சக்கரம் இறங்கினதுமே ஹம்ப் முடிந்துவிட்டது. கால் தானாக ஆக்சிலரேட்டருக்குப் போகும். அழுத்தினதும் வண்டியின் பின்பக்கம் கீழே அமுங்கும், ஸ்பிரிங் அசைய மிச்சமிருக்கும் இடம் குறையும், அந்த நேரம் பார்த்துக் கூடின வேகத்தில் பின் சக்கரம் ஏறும். சாலைத் தரங்களை வகுக்கும் இந்திய சாலை காங்கிரஸின் விதிப்படி ஹம்ப் என்பது வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கக்கூடியது. அப்படி அகலமாக இருந்தால் வண்டி முழுசாகவே மேலே ஏறி இறங்கும். நம்ம தெருவில் இருப்பதோ அரை மீட்டர் அகலக் குவியல். அவரிடம் கேட்டுக்கொண்டது ரெண்டே பழக்கம்: ஹம்ப்பைத் தொடும் முன்னால் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுவது, பின் சக்கரம் இறங்கின சத்தம் கேட்கும் வரை ஆக்சிலரேட்டரைத் தொடாமல் உருள விடுவது. ஆட்டோமேட்டிக் வண்டியில் இது சுலபம், தானே ஊர்ந்து போகும். மின்சார வண்டியானால், ஆக்சிலரேட்டரை விட்டதும் தானே பிரேக் பிடிக்கும் அமைப்பை மிகக் குறைந்த நிலையில் வைக்கச் சொல்லுங்கள். நெரிசலில் விட்டு விட்டுப் பிடிக்கும் அந்த மெதுவான முன்பின் ஆட்டம்தான், பின்னால் போன் பார்த்துக்கொண்டு வருபவருக்குக் குமட்டலைக் கொண்டுவருவது.

சாய்வு விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. பின் சீட்டைப் படுக்கை மாதிரி சாய்த்துவிட்டு பெல்ட் போட்டால், இடுப்பு எலும்பின் மேல் இருக்க வேண்டிய பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும். மோதலில் உடம்பு அதன் அடியில் சறுக்கும். பெல்ட்டே போடாமல் இருப்பது அதைவிட மோசம். 2022 செப்டம்பரில் பால்கர் அருகே சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்தில் பின் சீட்டில் இருந்த இருவரும் பெல்ட் போட்டிருக்கவில்லை. தூங்க வேண்டுமானால் கொஞ்சம் சாய்த்து, பட்டையை வயிற்றிலிருந்து இடுப்பு எலும்புக்கு இறக்கிவிட்டுத் தூங்கலாம்.

நாலைந்து வருஷம் ஓடின வண்டியானால் பின் ஷாக் அப்சார்பரைக் கவனியுங்கள். முன்னால் ஏதாவது தட்டினால் டிரைவருக்குக் கேட்கும், மெக்கானிக்கிடம் சொல்வார், முன் ஜோடி மாறிவிடும். பின் ஜோடி தேய்வது அவர் உடம்புக்கு எட்டாது, கேட்பவர் இல்லாமல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அப்படியே ஓடும். ஹம்ப் தாண்டின பிறகு வண்டியின் பின்பக்கம் ஒரு தடவை எழும்பி அடங்க வேண்டும். ரெண்டாவது, மூன்றாவது தடவையும் ஆடினால், அல்லது ஷாக் அப்சார்பரின் உடம்பில் எண்ணெய்க் கசிவும் அதில் ஒட்டின புழுதியும் தெரிந்தால், ரெண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டிய நேரம். சர்வீஸுக்கு விடும்போது அந்தப் புகாரை டிரைவரிடம் சொல்லி அனுப்பாமல், பின்னால் உட்காருகிறவரே எழுதிக் கொடுப்பது நல்லது.